சின்ன வீட்டுக்கு ஒற்றைக்கோட்டு ஒயரிங் வரைபடம்

தளம் போடும் நாளன்று கம்பி கட்டி முடித்த பிறகுதான் பல வீடுகளில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஃபேன் எங்கே, பைப் எங்கே என்று கேட்கிறார்கள். கான்கிரீட் லாரி வந்து நிற்கும் நேரத்தில் எடுக்கும் முடிவை அப்புறம் மாற்ற வேண்டுமென்றால் சுவரைத்தான் உடைக்க வேண்டும். அதனால் வரைபடத்தைத் தளத்துக்கு முன்பே முடித்து வையுங்கள்.

ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்னால் சிட்-அவுட், 12க்கு 10 அடி ஹால், 10க்கு 10 படுக்கையறை, 8க்கு 7 சமையலறை, ஒரு குளியலறை. கட்டடத் திட்டத்தை 1:50 அளவில் அச்செடுங்கள். அதில் முதலில் குறிக்க வேண்டியவை கட்டில், பீரோ, டிவி, ஃப்ரிட்ஜ், அடுப்பு மேடை ஆகியவற்றின் இடங்களும், ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும். கதவின் கீல் பக்கத்தில் சுவிட்ச் பெட்டி வைத்தால், உள்ளே வந்தவர் கதவை மூடிய பிறகுதான் அதைத் தேட முடியும். பெட்டி எப்போதும் பூட்டுப் பக்கத்தில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும். குளியலறை விளக்கு, ஹீட்டர் இரண்டுக்கும் சுவிட்ச் வெளியே.

பிறகு பாயிண்டுகள். விளக்குக்குப் பெருக்கல் குறியிட்ட வட்டம், சுவிட்சுக்குச் சாய்கோடு போட்ட சிறு வட்டம், 6 ஆம்பியர் பிளக்குக்கு அரைவட்டம், 16 ஆம்பியருக்கு அதையே கறுப்பாக நிரப்பியது. எந்தக் குறியைப் பயன்படுத்தினாலும் தாளின் ஓரத்தில் அதற்கு விளக்கம் எழுதிவிடுங்கள். உயரத்தைக் குறியின் பக்கத்திலேயே எழுத வேண்டும்: மேடைக்கு மேல் வரும் பிளக்குக்கு 4 அடி, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் 7 அடி. மேலிருந்து பார்க்கும் படத்தில் உயரம் தெரியாது. எழுதாமல் விட்டால் ஹீட்டர் பிளக்கும் இடுப்பளவில் வந்து நிற்கும்.

இனி சர்க்யூட்டுகளாகப் பிரிப்பது. விளக்கு, ஃபேன், 6 ஆம்பியர் பிளக் மூன்றும் சேர்ந்து ஒரு சர்க்யூட்டில் பத்து பாயிண்டுக்குள், 800 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இங்கே பின்பற்றப்படும் விதி. நம் வீட்டில் சிட்-அவுட் விளக்கு, காலிங் பெல், ஹாலின் இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், மூன்று பிளக், சமையலறை விளக்கு, அங்குள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் சேர்த்தால் சரியாகப் பத்து. இது முதல் சர்க்யூட். விளக்குக்கும் ஃபேனுக்கும் 60 வாட், எக்ஸாஸ்ட்டுக்கும் பிளக்குக்கும் 100 வாட் என்று கணக்கிட்டால் 700 வருகிறது. பெல் இழுப்பது சொற்பம். எல்.இ.டி. விளக்கு இவ்வளவு எடுக்காது என்றாலும் கணக்கைக் குறைக்காதீர்கள், நாளைக்குச் சேரப்போகும் சுமைக்கு அந்த இடம் வேண்டும். படுக்கையறையும் குளியலறை விளக்கு, எக்ஸாஸ்ட்டும் சமையலறையில் வாட்டர் ஃபில்டர் பிளக்கும் இரண்டாவது சர்க்யூட். முதலாவது ட்ரிப் ஆனாலும் படுக்கையறையில் வெளிச்சம் இருக்கும்.

கனமான சாதனங்களுக்குத் தனித்தனி வழி. மேடையில் இன்டக்‌ஷனுக்கும் மிக்ஸிக்குமாக இரண்டு 16 ஆம்பியர் பிளக் சேர்ந்து மூன்றாவது சர்க்யூட். 2000 வாட் அடுப்பும் 750 வாட் மிக்ஸியும் ஒரே நேரத்தில் ஓடினால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 12 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. தாங்கும். ஃப்ரிட்ஜ் நாலாவது, ஹீட்டர் ஐந்தாவது, ஏ.சி. ஆறாவது. விளக்கு வழிகளுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4. ஆறு எம்.சி.பி. என்றாலும் எட்டு இடமுள்ள டி.பி. பெட்டி வாங்குங்கள்.

இப்போது கோடு இழுக்கலாம். ஒற்றைக்கோட்டுப் படத்தில் ஒரு கோடு ஒரு பைப்பைக் குறிக்கும். அதற்குள் எத்தனை ஒயர் போகிறதோ, கோட்டின் மேல் அத்தனை சிறு வெட்டுக்கோடு போட வேண்டும். படத்தின் உயிர் இந்த வெட்டுக்கோடுகள்தான். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். டி.பி.யிலிருந்து ஹால் சுவிட்ச் பெட்டிக்கு பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று. அந்தப் பெட்டியிலிருந்து ஃபேன் பாக்ஸுக்கு ஃபேனின் பேஸ், அதைத் தாண்டிப் போகும் விளக்கின் பேஸ், நியூட்ரல், எர்த் என நாலு. ஃபேனிலிருந்து விளக்குக்கு மூன்று.

படுக்கையறையில் ஒரே விளக்குக்கு கதவருகே ஒன்றும் கட்டில் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு டூ-வே சுவிட்ச் இருக்கட்டும். கட்டில் பெட்டியில் ஒரு பிளக்கும் உண்டு. பேஸ் கதவுப் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து கட்டில் பெட்டிக்கு டூ-வேயின் இரண்டு இணைப்பு ஒயர், பிளக்குக்கான பேஸ், நியூட்ரல், எர்த் என ஐந்து ஒயர் போக வேண்டும். விளக்குக்கான பைப் கட்டில் பெட்டியிலிருந்து மேலே ஏறினால் இந்த ஐந்து போதும். அதே பைப் கதவுப் பெட்டியிலிருந்து ஏறுவதாக வரைந்தால், விளக்குக்கான ஒயர் கட்டில் பெட்டியிலிருந்து திரும்பி வர வேண்டும், எண்ணிக்கை ஆறாகிவிடும். முக்கால் இன்ச் பைப்பில் ஐந்து ஒயர் வரை சிரமமில்லாமல் இழுக்கலாம். அதற்கு மேல் போனால், வளைவுகளில் இன்சுலேஷன் உரியும் அபாயம் இருப்பதால், நான் ஒரு இன்ச் பைப்பே எழுதுவேன். வெட்டுக்கோட்டை எண்ணியிருந்தால் இந்த முடிவைத் தாளிலேயே எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு கோட்டின் மேலும் சர்க்யூட் எண்ணை எழுதி, சர்க்யூட்டுக்கு ஒரு நிறம் கொடுங்கள். இது நியூட்ரலுக்காகவும்தான். சமையலறைச் சுவரில் முதல் சர்க்யூட்டின் விளக்கும் இரண்டாவது சர்க்யூட்டின் ஃபில்டர் பிளக்கும் அருகருகே வருகின்றன. எண் இல்லாவிட்டால், ஒயர் மிச்சப்படுத்த இரண்டுக்கும் ஒரே நியூட்ரலைக் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒருவர் முதல் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு அந்த நியூட்ரல் இணைப்பைப் பிரித்தால், இன்னொரு சர்க்யூட்டில் ஓடும் சாதனத்தின் வழியாக அதில் மின்சாரம் நிற்கும். அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கை வைத்தவருக்கு ஷாக் அடிக்கும். ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு நியூட்ரல், டி.பி. வரைக்கும் தனியாக.

தாளின் ஒரு மூலையில் டி.பி.யை மட்டும் தனியே வரையுங்கள்: மீட்டர், மெயின் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதன் கீழ் ஆறு எம்.சி.பி.கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஆம்பியரும் ஒயர் அளவும் எந்த இடம் என்பதும். ஆர்.சி.சி.பி. எம்.சி.பி.யின் வேலையைச் செய்யாது, எம்.சி.பி. அதன் வேலையைச் செய்யாது. மின்சாரம் உடம்பு வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ மண்ணுக்குக் கசிந்தால் வெட்டுவது முன்னது. சுமை அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ வெட்டுவது பின்னது. அதனால் இரண்டும் படத்தில் இருக்க வேண்டும்.

முடித்த பின் ஒவ்வொரு விளக்கிலும் பிளக்கிலும் விரலை வைத்து, கோட்டைப் பின்தொடர்ந்து டி.பி. வரை போங்கள். ஒரே ஒரு எம்.சி.பி.யில் போய்ச் சேர வேண்டும். நடுவில் கோடு அறுந்தாலோ இரண்டு எண் கலந்தாலோ அங்கே பிழை. பீம் வரும் இடங்களையும் பாருங்கள். பைப் பீமைக் குடைந்து போகிறது என்றால் தடத்தை மாற்றுங்கள், அல்லது இன்ஜினீயரிடம் கேளுங்கள். படத்தை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

சுவரில் பைப் பதித்த பிறகு, பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்போடு சேர்த்துப் படமெடுங்கள். வேலையில் மாறிய தடத்தைச் சிவப்பு மையில் வரைபடத்தில் திருத்தி, ஒரு நகலை டி.பி. கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். டிவிக்கு ஆணி அடிக்கும்போதும், ஐந்து வருஷம் கழித்து இன்னொரு ஏ.சி. போடும்போதும் அந்தத் திருத்திய படம்தான் தேவைப்படும்.