முதலில் சதுரத்தைப் போடு, பிறகு ஆட்டை வரை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பி.டி.எஃப்.பை நேற்று ராத்திரி பார்த்தேன். மட்டாஞ்சேரித் தெருவில் அலையும் ஆடு, இஞ்சி குடோனில் நுழைந்து தும்முகிறது, துரத்தப்பட்டு வெளி தோபிகானா வரைக்கும் ஓடுகிறது. கதையைப் பற்றிப் பேசப் போவதில்லை. அது உனக்குத் தெரியும்.

ஆனால் அந்த தோபிகானா பக்கம்! அங்கே துணிக்கு கிளிப் போடுவதில்லை. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகி விடுவார்கள். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை. கேமராவோடு வருகிற ஆயிரம் பேர் கண்ணில் படாத அந்தச் செருகலை நீ ஒவ்வொரு துணியிலும் வரைந்திருக்கிறாய். இப்படி ஒரு பக்கத்தைக் குழந்தைகள் புத்தகத்தில் நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பக்கத்தைத்தான் நீ கெடுத்தும் வைத்திருக்கிறாய். மற்ற பக்கங்களைப் போல அது சதுரமில்லை. சதுரத் தாளில் வைத்தால் இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை. காய்கிற வேட்டி எங்கே முடிகிறது, வெற்றுத்தாள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சந்தேகப்பட்டு இந்தக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன்:

```
pdfinfo -f 1 -l 24 aadu.pdf
```

24 பக்கத்தில் 22 பக்கம் 630 x 630 பாயிண்ட். 72 பாயிண்ட் ஓர் அங்குலம் என்பதால், எட்டே முக்கால் அங்குலச் சதுரம். சரி. ஏழாம் பக்கம் 2625 x 2625. அதாவது முப்பத்தாறு அங்குலத்துக்கு மேல், ஒரு சுவரொட்டி. தோபிகானா பக்கம் 595 x 842, நல்ல ஏ4.

ஏழாம் பக்கத்தின் அளவைத் திரையில் நீ கவனிக்காததற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தைத் திரைக்குப் பொருத்திக் காட்டு என்று வைத்திருந்தால் சுவரொட்டியும் தபால்தலையும் ஒரே அளவாகத்தான் தெரியும். வீட்டுப் பிரிண்டரும் அப்படியே சுருக்கி அடித்துக் கொடுத்துவிடும். அச்சகத்தில் பக்கங்களைத் தாளில் அடுக்கும்போது உண்மையான அளவில்தான் வைப்பார்கள். உன் ஏழாம் பக்கத்தில் குடோன் கதவின் ஒரு துண்டு மட்டும் விழும், ஆடு விழாது.

ஏழாம் பக்கத்தில் கோளாறு படத்தில் இல்லை. அதுவும் மற்றவை போல 2625 பிக்சல்தான். மற்ற படங்களில் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று குறிப்பு இருக்கிறது, இதில் 72 என்று இருக்கிறது. கைபேசி வழியாக அனுப்பிச் சேமித்தாயோ என்னவோ. 2625-ஐ 300-ஆல் வகுத்தால் எட்டே முக்கால். 72-ஆல் வகுத்தால் சுவரொட்டி. பக்க அளவை நீ சொல்லாவிட்டால் மென்பொருள் இந்தக் குறிப்பை நம்பித் தானே முடிவு செய்யும். ஆகவே நீ சொல்லிவிடு:

```
img2pdf --pagesize 8.75inx8.75in -o aadu.pdf *.jpg
```

புத்தகம் வெட்டிய பிறகு எட்டரை அங்குலச் சதுரம். நாலு ஓரத்திலும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கத்திக்குப் போகிற கூடுதல். கோப்புகளுக்கு 01, 02 என்று பெயர் வை. 1, 2 என்று வைத்ததால்தான் உன் பத்தாம் பக்கம் இரண்டாவதாக வந்து, ஆடு குடோனுக்குள் போகும் முன்பே தும்முகிறது.

இந்தக் கட்டளை ஏழாம் பக்கத்தைச் சரிசெய்துவிடும். தோபிகானாவைச் சரிசெய்யாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அது 2480 x 3508 பிக்சல் ஸ்கேன், நெட்டுவாக்கில். சதுரத்துக்குள் அடக்கினால் இருபுறமும் ஒன்றேகால் அங்குல வெள்ளை. கட்டளையில் `--fit fill` சேர்த்துச் சதுரத்தை நிரப்பினால் வெள்ளை போகும். மேலே கயிறும் கீழே ஆட்டின் குளம்பும் சேர்ந்து போகும். அகலத்தை மட்டும் இழுத்தால் ஆடு எருமையாகும். நாலாவது வழி ஒன்றுதான்: சதுரமாக வரைவது.

நான் அச்சகத்தில் சேர்ந்த காலத்தில் படங்களை லித்தோ கேமராவில் பிடித்து நெகட்டிவ் எடுப்போம். எங்கள் ஃபோர்மேன், ஓவியருக்கு அட்டையைக் கொடுக்கும் முன் வெளிர்நீலப் பென்சிலால் அதில் ஒரு கட்டம் போட்டுத்தான் கொடுப்பார். புத்தகத்தின் பக்கம் என்ன விகிதமோ அதே விகிதம், ஒன்றரை மடங்கு பெரிதாக. அதற்கு உள்ளே இன்னொரு கட்டம். முகம், கை, எழுத்து எதுவும் அதைத் தாண்டக் கூடாது. அந்த நீலம் ஃபிலிமில் விழாது என்பதால் அழிக்கவும் வேண்டாம். பெயர் பெற்ற ஓவியர் ஒருவர் கட்டமில்லாத அட்டையில் வரைந்து கொண்டுவந்தபோது, படத்தைப் பாராட்டிவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்போது எல்லா மென்பொருளிலும் கட்டம் இருக்கிறது, போடுகிறவர்கள்தான் இல்லை. பக்க அளவை முடிவு செய்யாமல் தூரிகையைத் தொடுகிற பழக்கத்தை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

டிக் ப்ரூனாவின் மிஃபி முயல் 1955-ல் முதலில் வந்தபோது சதுரப் புத்தகமாக இல்லை. பின்னால் அவர் புத்தகங்கள் சதுரமாக மாறியபோது பழைய படங்களை இழுத்தோ நறுக்கியோ உள்ளே தள்ளவில்லை. 1963-ல் அந்த முயலை மறுபடி வரைந்தார்.

உனக்கு அவ்வளவு வேலை இல்லை. ஸ்கேனை அப்படியே வைத்துக்கொண்டு, கேன்வாஸை 3508 x 3508 ஆக்கு. இடப்பக்கம் 514 பிக்சல், வலப்பக்கம் 514 பிக்சல் காலியிடம் கிடைக்கும். கயிறு என்பது இருபுறமும் நீளக்கூடியது, வானமும் அப்படியே. இன்னும் நாலு வேட்டி, ஒரு மூங்கில் கால். பிறகு 2625-க்குச் சுருக்கிச் சேமி. பெரிதிலிருந்து சிறிதாக்குவதால் கோடு கலங்காது.

இன்னொன்று. எழுத்தைப் படத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறாய். பெரிதாக்கிப் பார்த்தால் ‘கொம்பு’வின் ஓரமெல்லாம் அரித்த மாதிரி இருக்கிறது. அதைவிட எனக்கு எரிச்சல், இந்த ஆடு இனி மலையாளம் பேச முடியாது என்பது. தமிழும் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் ஒரே தெருவில் கேட்கிற மட்டாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மொழிக்கு மட்டும் படத்தைப் பூட்டலாமா? பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் ஒரே படக்கதை எத்தனையோ மொழிகளில் வருவதற்கு, எழுத்து படத்தோடு ஒட்டாமல் தனியாக இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

`img2pdf` படங்களைக் கோக்கும், எழுத்தை வைக்காது. அதனால் அதை மாதிரிப் பிரதிக்கு வைத்துக்கொள். அச்சுக்குப் போகிற பிரதியை ஸ்கிரைபஸில் செய்: பக்கம் எட்டரை, நாலு புறமும் 0.125 பிளீட், கீழே படம், மேலே எழுத்துக்குத் தனிப் பெட்டி. 1.6 பதிப்பை எடு, பழைய 1.4-ல் தமிழ்க் கொம்பு இடம் மாறி உட்காரும். ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை வெறும் வானமாகவோ சுவராகவோ விட்டு வை. மலையாள வரி இரண்டு சொல் நீண்டாலும் ஆட்டின் கொம்பில் இடிக்காது.

அடுத்த பிரதி அனுப்பும்போது `pdfinfo` காட்டுகிற பட்டியலையும் சேர்த்து அனுப்பு. 24 வரியிலும் 630 x 630 இருந்தால்தான் நான் படங்களைத் திறப்பேன். தோபிகானாவை முதலில் முடி.

அன்புடன்,
உன் அண்ணன்