கேழ்வரகும் தினையும் கொழுப்பைக் குறைக்குமா?



குத்தம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசிச் சோறுதான். போன வருஷம் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 212, டிரைகிளிசரைடு 240. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா, "மாத்திரை எதுக்குடா, களி சாப்பிட்டா போதும்" என்றார். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். பதில் சொல்ல வேண்டியவனும் நானே ஆனேன்.

அரிசியில் என்ன குறை?

நெல்லைத் தீட்டும்போது உமியோடு தவிடும் போய்விடுகிறது. நார்ச்சத்து தவிட்டில்தான் அதிகம். 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து சுமார் 3 கிராம். கேழ்வரகில் சுமார் 11 கிராம். நார் குறைந்த சோறு சீக்கிரம் செரித்துச் சர்க்கரையாகிறது. உடம்புக்குத் தேவையானது போக மிஞ்சியதைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது.

நார்ச்சத்து இன்னொரு வேலையும் செய்கிறது. குடலுக்கு வரும் பித்த அமிலத்தில் ஒரு பகுதியைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அதை ஈடுகட்டப் புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்க வேண்டும். அதற்கான மூலப்பொருள் கொலஸ்ட்ரால். கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து எடுப்பதால் ரத்தத்தில் அளவு குறைகிறது.

எவ்வளவு குறையும்?

ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021-ல் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிறுதானியம் சாப்பிட்டவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக 8 சதவீதமும், டிரைகிளிசரைடு ஏறத்தாழ 10 சதவீதமும் குறைந்திருந்தன.

இதை அப்பாவுக்குக் கணக்குப் போட்டேன். 212-ல் 8 சதவீதம் 17, மீதி 195. இது 200-க்குக் கீழே வந்துவிடும். 240-ல் 10 சதவீதம் 24, மீதி 216. இது 150-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆக, களி மட்டும் போதாது. கணக்கைக் காட்டியதும் அப்பா மாத்திரையை நிறுத்தவில்லை.

எங்கே ஏமாறுகிறோம்?

தினைக்கு உமி நீக்கியே ஆக வேண்டும். ஆனால் தவிடு இருக்க வேண்டும். வெளுத்துப் பளபளப்பாக இருந்தால் அதுவும் தீட்டியதுதான். கேழ்வரகின் தோல் பருப்போடு ஒட்டியிருக்கும். அரைத்த மாவை நைஸாகச் சலித்தால் அந்தத் தோல் சல்லடையில் நின்றுவிடும். அம்மா இப்போது சலிப்பதில்லை. சர்க்கரை போட்ட ராகி மால்ட்டும், சோற்றுக்கு மேல் கூடுதலாகச் சாப்பிடும் களியும் பலன் தராது. சோற்றுக்குப் பதிலாக, அளவோடு சாப்பிட வேண்டும்.

இரவுச் சோற்றுக்குப் பதில் ஒரு நாள் களி, ஒரு நாள் தினைச் சோறு என்று மாற்றினோம். மூன்று மாதம் கழித்து, இரவு முழுக்கப் பட்டினி இருந்து எடுத்த பரிசோதனையில் டிரைகிளிசரைடு 172. மாத்திரையால் எவ்வளவு, களியால் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதனால் அப்பா இரண்டையும் விடவில்லை.