முதல் வாடிக்கையாளரைத் தேடும் சமூக ஊடக நிர்வாகி: அறிமுகப் பக்கமும் முன்னோட்டப் பணியும்

படித்துக்கொண்டே சிறு வணிகர்களின் முகநூல் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையைத் தேடும் மாணவர்கள் நம்மிடையே உள்ளனர். முதல் வாடிக்கையாளரிடம் காட்ட இவர்களிடம் முன் அனுபவம் இருப்பதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்வன இரண்டு. ஒன்று அறிமுகப் பக்கம், மற்றொன்று முன்னோட்டப் பணி. நெகிரி செம்பிலான் தோட்டப்புறச் சூழலில் இவ்விரண்டையும் எவ்வாறு அமைப்பது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் வழி காண்போம்.

ரந்தாவ் வட்டாரத் தோட்டமொன்றில் வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்கும் அம்மையார் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். நீலாய், செண்டாயான் பகுதிகளில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதால், அவரிடம் வாங்கிப் பழகிய குடும்பங்கள் பல இடம் பெயர்ந்துவிட்டன. அவர்களை மீண்டும் எட்டுவதே அவருடைய தேவை.

அறிமுகப் பக்கம் அந்தத் தேவையிலிருந்தே தொடங்க வேண்டும். “வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்களுக்கு முகநூலில் படமும் விலையும் பதிவிட்டு, புலனம் வழி வரும் விசாரிப்புகளைக் கணக்கிட்டுத் தருகிறேன்” என்ற ஒரு வாக்கியம் முதலில் வரலாம். அடுத்து மூன்று மாதிரிப் பதிவுகளை இணைக்க வேண்டும். அவை பயிற்சிக்காகச் செய்தவை என்றால் அதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். இல்லாத வாடிக்கையாளரை இருப்பதாகக் காட்டினால், ஒருவரையொருவர் அறிந்த தோட்டத்தில் அது இரண்டே நாளில் வெளிப்பட்டுவிடும்.

முன்னோட்டப் பணிக்கு எல்லை வேண்டும். 14 நாள், ஆறு பதிவுகள், படம் எடுக்க ஒருமுறை நேரில் வருகை, இறுதியில் ஒரு பக்க அறிக்கை, கட்டணம் 150 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தொடங்கும்போது பாதியும் அறிக்கை கொடுத்தபின் மீதியும் பெறலாம். இலவசமாகச் செய்தால் ஏழாவது பதிவும் எட்டாவது பதிவும் கேட்கப்படும். மறுக்க வழி இருக்காது. முகநூலின் கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது. பக்கத்தின் உரிமை அம்மையாரிடமே இருக்க, நமக்கு Task access மட்டும் தரச் சொன்னால் போதும். பணி முடிந்ததும் அவரே அதை நீக்கிவிடலாம்.

பலனை அளக்க, தொடங்குவதற்கு முன் கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை பேர் வாங்கினர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒவ்வொரு பதிவிலும் இத்தகைய இணைப்பைச் சேர்க்க வேண்டும்:

```
https://wa.me/60XXXXXXXXX?text=Murukku%20FB
```

எண்ணின் முதலிலுள்ள 0 நீங்கி 60 வரும். கூட்டல் குறி வராது. இதைத் தட்டுபவரின் புலனத்தில் “Murukku FB” என்ற செய்தி தயாராக நிற்கும். அச்சொற்களோடு வந்த செய்திகளை எண்ணினால் நம் பதிவுகளால் வந்த விசாரிப்புகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். விருப்பக் குறிகளின் எண்ணிக்கையை அறிக்கையின் தலையில் வைக்க வேண்டாம். அம்மையாரின் கணக்குப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

பதினான்காம் நாள் 30 விசாரிப்புகள் வந்து, 12 பேர் வாங்கியிருக்கிறார்கள் எனக் கொள்வோம். ஆளுக்கு இரண்டு பொட்டலம், பொட்டலம் 10 வெள்ளி என்றால் விற்பனை 240 வெள்ளி. மாவு, எண்ணெய், எரிவாயுவுக்குப் பாதி போனால் மிச்சம் 120 வெள்ளி. நம் கட்டணமோ 150 வெள்ளி. இப்பணி அம்மையாருக்கு 30 வெள்ளி நட்டம்.

இக்கணக்கை மறைக்காமல் அறிக்கையில் எழுதுவதே முன்னோட்டப் பணியின் நோக்கம். விசாரித்த 18 பேர் ஏன் வாங்கவில்லை என்பதைச் செய்திகளிலேயே காணலாம். பலர் “சிரம்பானுக்கு அனுப்புவீர்களா?” என்று கேட்டு நின்றிருந்தால், அனுப்பும் நாளும் கட்டணமும் பதிவில் இல்லாததே காரணம். பதில் மறுநாள் போயிருந்தால் குறை பதிவில் இல்லை. விசாரிப்பே வரவில்லை என்றால் படத்தையும் விலையையும் பார்க்க வேண்டும்.

அடுத்து மாதம் 300 வெள்ளி ஒப்பந்தம் கேட்பது இவருக்குப் பொருந்தாது. தீபாவளிக்கு முந்திய நான்கு வாரங்களுக்கு மட்டும் ஒரு பணியை முன்மொழியலாம். அதற்கும் முன் ஒரு நாளில் எத்தனை பொட்டலம் சுட முடியும் என்று கேட்க வேண்டும். 30 பொட்டலம்தான் முடியும் என்றால் 80 பேரை வரவழைப்பது அவருடைய பெயரைக் கெடுக்கும்.

இவ்வேலையைத் தொழிலாகத் தொடங்குபவர் 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ் 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் பதிய 60 வெள்ளி. முதல் 150 வெள்ளியிலேயே அதற்கு இடம் உண்டு.