தேயிலையும் தேநீர்ப் பையும்: இணைப்பின் வகையறிதல்

இரு நிறுவனங்கள் இணைந்தால் அவ்விணைப்பு எவ்வகையைச் சார்ந்தது என்னும் வினாவிற்கு, மாணவர் பலர் பொருளின் பெயரை மட்டும் பார்த்து விடை எழுதிவிடுகின்றனர். இரண்டும் தேயிலை நிறுவனங்கள் எனில் கிடைமட்ட இணைப்பு என்பது அவர்தம் முடிவு. அம்முடிவு எங்கே பிழைபடுகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு கையகப்படுத்தலைக் கொண்டு காண்போம்.

அவ்வாண்டில் டாடா டீ நிறுவனம், தன்னைவிடப் பெரியதாகிய இங்கிலாந்தின் டெட்லி நிறுவனத்தை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. மூணாற்றிலும் அசாமிலும் தோட்டங்கள் வைத்துத் தேயிலை விளைவிப்பது டாடா டீயின் அடிப்படைத் தொழில். பல நாட்டுத் தேயிலைகளை வாங்கிக் கலந்து, சிறு பைகளில் அடைத்துத் தன் பெயரில் விற்பது டெட்லியின் தொழில்.

இங்கு இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவ்விரு நிறுவனங்களும் ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டியிட்டனவா? ஒன்றன் விளைபொருள் மற்றொன்றுக்கு மூலப்பொருள் ஆகுமா? முதல் வினாவிற்கு ‘ஆம்’ என்பது விடையானால் அது கிடைமட்ட இணைப்பு. சந்தையில் ஒரு போட்டியாளர் குறைவதே அதன் அடையாளம். இரண்டாம் வினாவிற்கு ‘ஆம்’ எனில் செங்குத்து இணைப்பு. இரண்டிற்கும் ‘இல்லை’ எனில் கூட்டுக்குழும இணைப்பு. புகையிலை நிறுவனமான பிலிப் மாரிஸ் 1985இல் ஜெனரல் ஃபுட்ஸ் என்னும் உணவு நிறுவனத்தை வாங்கியது இவ்வகையினது.

டாடா டீ இந்தியாவில் பொட்டலத் தேயிலையும் விற்றது உண்மையே. ஆயினும் டெட்லியின் முதன்மைச் சந்தை பிரிட்டன். எனவே, இந்தியக் கடைகளில் இவ்விணைப்பால் போட்டி பெரிதாகக் குறையவில்லை. தோட்டக்காரர் நுகர்வோரை நோக்கி ஒரு படி முன்னேறினார். ஆகவே இது முதன்மையாக முன்னோக்கிய செங்குத்து இணைப்பு. கிடைமட்டக் கூறு சிறிதளவு உண்டு என ஒரு தொடர் சேர்த்தெழுதுவோர் விடையே நிறைவானது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. டெட்லியின் கலவைக்குப் பல நாட்டுத் தேயிலைகள் தேவை. டாடாவின் தோட்டங்கள் மட்டும் அதற்குப் போதா. பின்னர் 2005இல் மூணாற்றுத் தோட்டங்களில் பெரும்பகுதி, பணியாளர்களே பெரும்பான்மைப் பங்குதாரர்களாக உள்ள புதிய நிறுவனத்திற்கு மாற்றப்பட்டது. செங்குத்தாக இணைந்த நிறுவனம் கீழ்ப்படியை விட்டு விலகவும் கூடும் என்பதை இது காட்டுகிறது.

இதே நிறுவனம் 2012இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து இந்தியாவில் காப்பிக் கடைகளைத் திறந்தது. இதனையும் கையகப்படுத்தல் என்று எழுதுவோர் உளர். இங்கு எவரும் எவரையும் வாங்கவில்லை. இரு நிறுவனங்களும் தத்தம் தனித்தன்மையுடன் நின்று, சரிபாதிப் பங்கில் மூன்றாவதாக ஒரு நிறுவனத்தை உருவாக்கின. இது கூட்டு முயற்சி வடிவில் அமைந்த உத்திசார் கூட்டணி ஆகும்.