வினைத் தலைச்சொல்லும் மாணவரின் அகராதித் தேடலும்: ‘கேட்டான்’ என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

அகரவரிசையை அறிந்த மாணவர் பெயர்ச்சொல்லை அகராதியில் எளிதில் கண்டடைகின்றனர், வினைச்சொல்லில் தடுமாறுகின்றனர். பாடத்தில் அவர்கள் காண்பது வினைமுற்றோ எச்சமோ ஆகும்; அகராதியில் தலைச்சொல்லாக நிற்பது பகுதி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவையும் அதைக் கடக்கும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வினைப்பதிவின் அமைப்பு

வின்சுலோவின் அகராதி (1862) பகுதியைத் தந்து, அதனை அடுத்துத் தன்மை ஒருமை முக்கால ஈறுகளைக் காட்டுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பகுதியோடு சிறுகோடிட்டுத் தொழிற்பெயர் விகுதியைச் சேர்க்கிறது: படி-தல், படி-த்தல். முன்னது 4ஆம் வாய்பாட்டையும் பின்னது 11ஆம் வாய்பாட்டையும் சேர்ந்தவை என்பதை எண் உணர்த்தும். சிறுகோட்டுக்குப் பின்னுள்ள விகுதி வரிசைப்படுத்தலில் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே இரு வினைகளும் ‘படி’ என்னும் பெயரும் ஒரே இடத்தில் நிற்கின்றன. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992), பகுதியை அடுத்துச் செயவென் எச்சத்தையும் செய்தென் எச்சத்தையும் அடைப்புக்குறிக்குள் தருகிறது: படி (படிக்க, படித்து), படி (படிய, படிந்து).

இக்குறிப்புகள் அனைத்தும் பதிவை அடைந்தவருக்கே பயன்படும். அவை அடைந்த இடம் சரிதானா என்று காட்டும். அடையும் வழியைக் காட்டா.

தேடலில் நேரும் பிழை

‘கேட்டான்’ என்பதன் பொருள் தேடும் மாணவர் ஒருவரைக் கொள்வோம். ‘போட்டான்’ என்பதற்குப் பகுதி ‘போடு’ என்று அவர் அறிவார். அதே முறையில் ‘கேட்டான்’ என்பதற்குக் ‘கேடு’ என்று கொள்கிறார். இங்கு ஒப்புமை பிழைபடுகிறது. ‘போட்டான்’ என்பதில் பகுதியின் டகர ஒற்று இரட்டித்துக் காலம் காட்டிற்று. ‘கேட்டான்’ என்பதிலோ ‘கேள்’ என்னும் பகுதியின் ளகரம் டகரமாகத் திரிந்தது. எழுத்தளவில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

அகராதி இப்பிழையைத் தடுப்பதில்லை. ‘கேடு’ என்னும் தலைச்சொல் உண்மையிலேயே உள்ளது. அதன் பொருள் தீங்கு. சொல் கிடைத்துவிட்டதால் தேடல் முடிந்ததென மாணவர் எண்ணுகிறார். சொல் அகப்படாமற்போவதைவிட இது தீயது. அகப்படாதபோது பிழை தானே வெளிப்படும். இங்கு அதனைக் காட்டிக்கொடுப்பது ‘பெயர்’ என்னும் இலக்கணக் குறிப்பு ஒன்றே. வினையைத் தேடியவர் பெயர்ப்பதிவில் நிற்கின்றார் எனின் திரும்பிச் செல்லல் வேண்டும்.

அகரவரிசையும் இதற்குத் துணைபோகிறது. தமிழ் அகராதிகளில் புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முன் வரும். பட்டு, படம், படி என்பதே வரிசை. எனவே ‘கேட்’ என்று தேடுபவர் ‘கேட்டை’ என்னும் விண்மீன் பெயரை முதலிலும் ‘கேடு’ என்பதை அடுத்தும் காண்பார். ‘கேள்’ ளகரத்தில், வெகுதொலைவு கடந்து நிற்கும். ‘கண்டான்’ (காண்), ‘வந்தான்’ (வா) ஆகியவற்றில் முதலெழுத்தே மாறுவதால் தொலைவு இன்னும் மிகும்.

பகுதியை அடையும் வழி

மாணவர் நாவில் ஏவல் இயல்பாகவே உள்ளது; ‘கேளு’, ‘நில்லு’, ‘போடு’, ‘தள்ளு’ என அவர்கள் பேசுகின்றனர். இவ்வேவலே தேடலின் முதற்படி. அடுத்து ஈற்று உகரத்தை வைப்பதா நீக்குவதா என்று முடிவு செய்தல் வேண்டும். வல்லின மெய் சொல்லின் ஈற்றில் வாராது; ஆதலின் ‘போடு’ என்பதன் உகரம் பகுதிக்கு உரியது. பிற மெய்களை ஊர்ந்த உகரமாயின் இறந்தகால வடிவை நோக்கல் வேண்டும். ‘தள்ளினான்’ என ‘இன்’ இடைநிலை வரின் உகரம் நிலைபெறும், பகுதி ‘தள்ளு’. ‘கேட்டான்’, ‘நின்றான்’ என அவ்விடைநிலை வாராதாயின் உகரம் பெரும்பாலும் நீங்கும். பகுதிகள் ‘கேள்’, ‘நில்’.

இறுதிப்படி சரிபார்த்தல். ‘கேள்’ பதிவின் அடைப்புக்குறிக்குள் ‘கேட்டு’ என்பது இருப்பதைக் கண்டபின்னரே பொருளைப் படித்தல் வேண்டும். ‘படிந்தது’ என்பதைத் தேடுபவர்க்கும் ‘படித்து’, ‘படிந்து’ என்னும் எச்சங்களே சரியான பதிவைப் பிரித்துக் காட்டும்.

இவ்வழிக்கு எல்லையுண்டு. ‘மாண்டான்’ போன்று இன்றைய பேச்சில் ஏவல் வழங்காத வினைகளில் முதற்படியே இல்லை; ‘மாள்’ என்னும் பகுதி மாணவர் நாவில் எழாது.

முடிவுரை

ஆகவே மாணவர் அகராதிகளில், பகுதி திரியும் வினைகளுக்கு மட்டும் எச்ச வடிவைத் தனித் தலைச்சொல்லாக இட்டுப் பகுதிக்கு ஆற்றுப்படுத்தல் வேண்டும்: ‘கேட்டு – காண்க: கேள்’, ‘மாண்டு – காண்க: மாள்’. ‘கேட்டு’ என்பது புள்ளியெழுத்து வரிசையில் ‘கேடு’ என்பதற்கு முன்னரே நிற்கும். ஆகலின் மாணவர் பிழையான பதிவை அடையுமுன் இவ்வழிகாட்டியைக் காண்பார்.