கடைப் பலகையைப் படிப்போம்

பள்ளி திறக்கும் நேரம். சில மாநிலங்களில் ஏப்ரலில் பள்ளி திறக்கும். சில மாநிலங்களில் ஜூனில் திறக்கும். எந்த மாதமானாலும் நோட்டுக் கடை வாசலில் ஒரு பலகை தொங்கும். இதோ ஒரு பலகை. வாய்விட்டுப் படியுங்கள்.

பள்ளி திறப்புச் சிறப்பு விலை!
செட் ரூ. 350 முதல்
5-ஆம் வகுப்பு செட்: ரூ. 600 மட்டுமே
(தனித்தனியாக வாங்கினால் ரூ. 730)
50% வரை தள்ளுபடி
விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது

படித்தீர்களா? பெரிய எழுத்தில் இருப்பது 350. அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது. 'முதல்' என்ற சொல். 350 ரூபாய்தான் கடையில் உள்ள செட்டுகளில் குறைந்த விலை என்று அதற்குப் பொருள். அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கான செட்டாக இருக்கலாம். உங்கள் பிள்ளையின் செட்டுக்கு அந்த விலை இல்லை.

'வரை' என்ற சொல்லும் அப்படித்தான். ஏதோ ஒரு பொருளுக்குப் பாதி விலை குறைத்திருப்பார்கள். மற்றவற்றுக்கு ஐந்தோ பத்தோ குறைத்திருப்பார்கள். பலகையில் பொய் இல்லை. ஆனால் சின்னச் சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் பொருள் மாறிவிடும்.

செட்டுக்குள் என்ன இருக்கிறது?

எங்கள் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் இந்தப் பலகையைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போனார். அவர் மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். கையில் பள்ளியில் கொடுத்த சீட்டு இருந்தது.

"அண்ணே, செட்டுல என்னென்ன இருக்கு? ஒவ்வொண்ணும் தனியா என்ன விலை? சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

"செட்டா எடுத்தாத்தான் லாபம்மா" என்றார் கடைக்காரர். ஆனாலும் விலையைச் சொன்னார். அக்கா எழுதியது இது:

ஒரு கோடு நோட்டு 8: ரூ. 240
பென்சில் பெட்டி: ரூ. 60
ரப்பர், ஷார்ப்னர், ஸ்கேல்: ரூ. 30
ஜாமெட்ரி பாக்ஸ்: ரூ. 120
பிரவுன் அட்டை ரோல்: ரூ. 50
லேபிள்: ரூ. 20
ஸ்கெட்ச் பேனா: ரூ. 60
தண்ணீர் பாட்டில்: ரூ. 150

நீங்களும் கூட்டிப் பாருங்கள். 730 வருகிறது. கடைக்காரர் சொன்ன கணக்கு சரிதான். 130 ரூபாய் குறைத்துத்தான் தருகிறார்.

ஆனால் அக்கா இன்னொரு கணக்கும் போட்டார். வீட்டில் அண்ணன் பயன்படுத்திய ஜாமெட்ரி பாக்ஸ் நன்றாக இருக்கிறது. பாட்டிலும் இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவைப் பள்ளியில் கேட்கவே இல்லை. அடுத்து நோட்டு. பள்ளிச் சீட்டில் ஒரு கோடு நோட்டு 4, நான்கு கோடு நோட்டு 2, கட்டம் போட்ட நோட்டு 2 என்று இருந்தது. செட்டில் எட்டும் ஒரு கோடு நோட்டு! கணக்குப் பாடத்துக்கும் ஆங்கில எழுத்துப் பயிற்சிக்கும் அவை உதவாது.

அக்காவுக்கு உண்மையில் வேண்டியவை இவை. ஒரு கோடு நோட்டு 4, ரூ. 120. மற்ற நோட்டு 4, அதுவும் ரூ. 120. பென்சில் 60, ரப்பர் வகை 30, அட்டை 50, லேபிள் 20. மொத்தம் 400 ரூபாய்.

செட்டை வாங்கினால் 600 ரூபாய். அதற்கு மேல் சீட்டில் உள்ள நான்கு நோட்டை வெளியே வாங்க 120 ரூபாய். ஆக 720 ரூபாய். 320 ரூபாய் கூடுதல்! ஒருநாள் கூலி வேலை செய்பவருக்கு அது சின்னத் தொகையா?

அதே செட் அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு லாபமாக இருந்தது. அவர் வீட்டில் பழைய பொருள் எதுவும் இல்லை. எல்லாமே வாங்க வேண்டும். "நாலு நோட்டை மட்டும் மாத்திக் குடுங்க" என்று கேட்டார். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அவருக்கு 130 ரூபாய் மிச்சம். ஆகவே செட் நல்லதா, கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு அலமாரியைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். மாற்றித் தருவீர்களா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். பலகையின் கடைசி வரியை மறக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. பொருளின் மேல் அச்சிட்ட விலை எம்.ஆர்.பி. அதாவது அதிகபட்ச விலை. எல்லா வரியும் அதற்குள் அடக்கம். பல கடைகளில் சாதாரண நாளிலேயே அதற்குக் குறைத்து விற்பார்கள். 120 ரூபாய் அச்சிட்ட ஜாமெட்ரி பாக்ஸை மற்ற நாளில் 100-க்குத் தந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கு மிச்சம் 130 அல்ல, 110 தான். எனவே அச்சிட்ட விலையை வைத்துக் கூட்டாமல், கடைக்காரர் வாயால் சொல்லும் விலையை வைத்துக் கூட்டுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை. எம்.ஆர்.பி.க்கு மேல் "வரி தனி" என்று எந்தப் பொருளுக்கும் கேட்கக் கூடாது. கேட்டால் பில் வாங்கிக்கொள்ளுங்கள். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் புகார் சொல்லலாம்.

நோட்டின் பின் அட்டையைப் பாருங்கள்

விலை குறைந்த நோட்டு மலிவான நோட்டு என்று நினைக்கிறோம். பின் அட்டையில் பக்க எண்ணிக்கை இருக்கும். ஒரு நோட்டு 92 பக்கம், 30 ரூபாய். இன்னொன்று 172 பக்கம், 50 ரூபாய். எது மலிவு? பத்து ரூபாய்க்கு முதல் நோட்டில் சுமார் 30 பக்கம் கிடைக்கிறது. இரண்டாவதில் 34 பக்கம். பெரிய நோட்டுதான் மலிவு. ஆனால் ஓவியம், பொது அறிவு போன்ற பாடத்துக்குப் பிள்ளை பாதி நோட்டுகூட எழுத மாட்டாள். அதற்கு 92 பக்கமே போதும்.

பக்கம் வேறு, தாள் வேறு. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். யாராவது "நூறு" என்றால் நூறு பக்கமா, நூறு தாளா என்று கேளுங்கள்.

ஒரு தாளில் பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் தெரிகிறதா? தெரிந்தால் பிள்ளை ஒரு பக்கம்தான் எழுத முடியும். அப்போது 172 பக்கம் 86 ஆகிவிடும். கடையில் மாதிரி நோட்டு இருந்தால் எழுதிப் பார்க்கக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினால் கவராயத்தை விரித்து மேசைமேல் வையுங்கள். தானாக மூடிக்கொண்டால் திருகு தளர்ந்திருக்கிறது. அதில் வட்டம் வராது.

பட்டியல் எழுதுவோம்

பள்ளிச் சீட்டு வரும்வரை செட் வாங்க வேண்டாம். அரசுப் பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை பாடப்புத்தகம் இலவசம். சில மாநிலங்களில் நோட்டும் பையும்கூடத் தருகிறார்கள். என்ன தருவார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் பட்டியலை எழுதுங்கள்.

கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். வீட்டில் இருப்பதற்கு எதிரே ✓ போடுங்கள். வாங்க வேண்டியதற்கு எதிரே எண்ணிக்கையை எழுதுங்கள். அடுத்த ஆண்டும் இதே தாள் உதவும்.

ஒரு கோடு நோட்டு ______
இரண்டு கோடு / நான்கு கோடு நோட்டு ______
கட்டம் போட்ட நோட்டு ______
கோடு இல்லாத நோட்டு ______
பென்சில், பேனா ______
ரப்பர், ஷார்ப்னர், ஸ்கேல் ______
ஜாமெட்ரி பாக்ஸ் ______
வண்ணப் பென்சில் ______
அட்டை, லேபிள் ______
பை, பாட்டில், டிபன் பாக்ஸ் ______

தனியாக வாங்கினால் மொத்தம் ரூ. ______
செட் விலை ரூ. ______
செட் வாங்கினாலும் வெளியே வாங்க வேண்டியது ரூ. ______