பாடம் 9: வியர்க்கும் குளிர்பதனப் பெட்டி

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள். கரோல் பாக்கில் வசிக்கும் எம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வீட்டில் நிகழ்ந்ததை வகுப்பில் கூறினாள். அவர்கள் வீட்டு இருகதவுக் குளிர்பதனப் பெட்டியின் வெளிப்புறத்தில், கீழ்க்கதவின் ஓரமாக, நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்றனவாம். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, "பெட்டி ஒழுகுகிறது; கதவுச் சட்டமும் சுடுகிறது. மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்" என்று அஞ்சினார். அப்பாவோ, குளிரூட்டும் வாயு தீர்ந்துவிட்டதென்று எண்ணிப் பழுது பார்ப்பவரை அழைக்கப் புறப்பட்டார்.

பெட்டி உண்மையில் ஒழுகியதா? மே மாதத்தில் இதைவிடக் கடுமையான வெப்பம் இருந்தும் துளிகள் தோன்றவில்லையே, ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

துளிகள் வந்த வழி

அத்துளிகள் பெட்டிக்குள்ளிருந்து வந்தவை அல்ல. அறையின் காற்றிலிருந்து வந்தவை. காற்றில் நீராவி கலந்துள்ளது. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே சென்றால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அந்நீராவி துளிகளாக மாறத் தொடங்கும். அவ்வெப்பநிலையே பனிநிலை எனப்படும். ஒரு பொருளின் மேற்பரப்பு பனிநிலையைவிடக் குளிர்ந்திருந்தால், அதன்மீது துளிகள் அரும்பும்.

தில்லியின் மே மாதப் பிற்பகலில் வெப்பநிலை 42 பாகை செல்சியசும், ஒப்பு ஈரப்பதம் 20 விழுக்காடும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது பனிநிலை ஏறத்தாழ 14 பாகையே. மழைக்காலத்தில் வெப்பநிலை 33 பாகையாகக் குறைந்தாலும், ஈரப்பதம் 80 விழுக்காடாக உயர்ந்தால் பனிநிலை 29 பாகையாகிவிடும். இனி, பெட்டியின் கதவோரம் 26 பாகையில் இருப்பதாக எண்ணுங்கள். 26 என்பது 14ஐவிட அதிகம். ஆகவே மே மாதத்தில் அது உலர்ந்திருக்கும். ஆனால் 29ஐவிடக் குறைவு. ஆகவே ஆகஸ்டில் நனையும். பெட்டி மாறவில்லை, காற்றே மாறியது.

சட்டம் சுடுவது ஏன்?

பெட்டியின் சுவர்களுக்குள் வெப்பங்கடத்தாப் பொருள் தடிமனாக நிரப்பப்பட்டுள்ளது. கதவு வந்து பொருந்தும் முன்சட்டமோ மெல்லிய தகட்டால் ஆனது. உட்குளிர் அவ்வழியே எளிதில் வெளிவரும். எனவே மழைக்காலத்தில் முதலில் நனையக்கூடிய இடம் அதுவே.

இதைத் தடுக்கப் பொறியாளர்கள் ஒரு வழி கண்டனர். பெட்டியின் பின்புறம் உள்ள கம்ப்ரசர், குளிரூட்டும் வாயுவை அழுத்தும்போது அவ்வாயு சூடாகிறது. அச்சூட்டை வெளியேற்றும் குழாயின் ஒரு பகுதியை முன்சட்டத்தின் உட்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்தனர். வீணாகும் வெப்பமே சட்டத்தைப் பனிநிலைக்கு மேல் வைத்திருக்கிறது. சில பெட்டிகளில் குழாய்க்குப் பதிலாக, மின்சாரத்தால் சூடாகும் மெல்லிய கம்பி பதிக்கப்பட்டிருக்கும். ஆகவே, பாட்டி உணர்ந்த இளஞ்சூடு பழுதன்று, அதுவே காவல்.

இக்காவலுக்கும் எல்லை உண்டு. மின்வெட்டின்போது கம்ப்ரசர் நின்றால், குழாயும் ஆறிவிடும். சிறிது நேரத்தில் சட்டம் நனையலாம். மேலும், குழாய் சட்டத்தைச் சூடாக்குமேயன்றி, கதவின் இடுக்கு வழியே கசியும் குளிர்காற்றைத் தடுக்காது.

குறை கண்ட விதம்

அன்று மாலை மாணவி முன்சட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது வெதுவெதுப்பாகவும் உலர்ந்தும் இருந்தது. குழாய் வேலை செய்கிறது என்று தெளிந்தாள். துளிகள் கீழ்க்கதவின் ஒரு மூலையில் மட்டுமே இருந்தன. ஒரு தாளைக் கதவிடையே வைத்து மூடி, மெல்ல இழுத்தாள். மற்ற இடங்களில் தாள் இறுகப் பிடித்தது. அம்மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே கதவின் இரப்பர் விளிம்பில் ஊறுகாய் எண்ணெய் படிந்து கெட்டியாகியிருந்தது. வெதுவெதுப்பான சோப்பு நீரால் துடைத்து உலர்த்தியதும், விளிம்பு ஒழுங்காகப் பொருந்தியது. மறுநாள் துளிகள் இல்லை. அப்பாவுக்குச் செலவும் இல்லை.

இரப்பர் கிழிந்திருந்தால் துடைப்பதால் பயனில்லை, மாற்றவே வேண்டும். கம்ப்ரசர் ஓடியும் சட்டம் குளிர்ந்து நனைந்திருந்தால், பழுது பார்ப்பவரை அழைப்பதே முறை.

செய்து பார்

ஒரு எவர்சில்வர் தம்ளரில் பாதியளவு நீர் ஊற்றி, அதில் வெப்பமானியை வை. பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக இட்டுக் கலக்கு. தம்ளரின் வெளிப்புறம் மங்கத் தொடங்கும் வெப்பநிலையைக் குறித்துக்கொள். அதுவே அன்றைய பனிநிலை.

சொற்பொருள்

அரும்புதல் – தோன்றத் தொடங்குதல்
விழுக்காடு – நூற்றில் இத்தனை பங்கு
இடுக்கு – சிறு இடைவெளி

வினாக்கள்

1. பனிநிலை என்றால் என்ன?
2. ஒருநாள் பனிநிலை 24 பாகை; கதவோரம் 26 பாகை. துளிகள் அரும்புமா? காரணம் கூறு.
3. மின்வெட்டின்போது முன்சட்டம் நனைவது ஏன்?
4. சட்டம் சுடுவது பழுதன்று என்பதைப் பாட்டிக்கு விளக்கி ஐந்து தொடர்கள் எழுதுக.